குடியிருப்பு 3பி: ஒப்படைப்பு ஆய்வில் கண்ட குறைகள்

சனிக்கிழமை காலை, தளப் பொறியாளர் உடனிருக்க, மின்சாரமும் தண்ணீரும் வந்துகொண்டிருந்த நிலையில் பொருத்துகள் ஒவ்வொன்றும் இயக்கிப் பார்க்கப்பட்டன. குறை கண்ட இடங்களில் நீல நாடா ஒட்டியுள்ளோம். நாடாவில் உள்ள எண்களே இங்கும் உள்ளன. 1, 2 ஆகியவற்றைச் சரிசெய்யாமல் சாவியைப் பெற்றுக்கொள்ள இயலாது.

மின்சாரம்

1. மின்பலகையிலுள்ள 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மூன்று முறை அழுத்தியும் அது ட்ரிப் ஆகவில்லை. மின்கசிவு ஏற்பட்டால் ஆளைக் காப்பாற்ற வேண்டிய கருவி இது என்பதால், இணைப்பைச் சரிபார்த்துத் தேவையெனில் புதிதாக மாற்ற வேண்டும்.

2. பெரிய குளியலறையின் கீசருக்கான 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் எர்த் இணைப்பு இல்லை என்று சோதனைக் கருவி காட்டியது. எர்த் கம்பி பெட்டிக்குள் கழன்றுள்ளதா, இழுக்கப்படவே இல்லையா என்பதைத் திறந்து காட்ட வேண்டும்.

3. வரவேற்பறையில் இரண்டு சுவிட்ச் பலகைகள் சாய்ந்துள்ளன.

பெரிய குளியலறை

4. கதவோரம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியபோது, அது வடிகாலை நோக்கி ஓடாமல் வாஷ்பேசினுக்கு அடியில் தேங்கி, பத்து நிமிடம் கழிந்தும் அப்படியே நின்றது. "துடைத்துவிட்டால் போதும்" என்று பொறியாளர் சொன்னதை ஏற்பதற்கில்லை. அந்தப் பகுதி டைல்ஸைப் பெயர்த்து, கீழேயுள்ள நீர்க்காப்புப் பூச்சு சேதமடைந்தால் அதையும் புதுப்பித்து, சரிவைத் திருத்தியபின் எங்கள் முன்னிலையில் மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும்.

5. ஃப்ளஷ் தொட்டியில் சில துளி உணவு நிறமியை விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் இருபது நிமிடம் காத்திருந்ததில், கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தது. அடி வால்வின் வாஷரை மாற்ற வேண்டும்.

6. டைவர்ட்டரை ஷவருக்குத் திருப்பிய பிறகும் கீழ்க்குழாயில் நீர் ஒழுகுகிறது. ஹெல்த் ஃபாசெட்டின் ஆங்கிள் காக்கிலும் மரையோரம் கசிவு உள்ளது.

சிறிய குளியலறையில் குறை எதுவும் இல்லை.

சமையலறை

7. குழாயை மட்டும் திறந்து பார்த்தபோது சிங்க்கின் அடியில் ஈரம் தெரியவில்லை. விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டதும் வேஸ்ட் கப்ளிங்கின் கீழே சொட்டத் தொடங்கியது. வாஷரை மாற்றி, இதே முறையில் சோதிக்க வேண்டும்.

கதவுகள், ஜன்னல்கள்

8. படுக்கையறைக் கதவு தரையில் உரசுகிறது. தாழ்ப்பாள் துளையில் சேரவில்லை.

9. பால்கனி ஸ்லைடிங் கதவின் கீழ்த்தடத்தில் நீர் வெளியேறும் துளைகளைச் சிமென்ட் அடைத்துள்ளது. இப்படி அடைபட்டிருந்தால் மழைநீர் தடத்தில் தேங்கி உள்ளே வரும் என்பதால், சுத்தம் செய்து தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும்.

10. ஒரு ஜன்னலில் கொசுவலை கிழிந்துள்ளது.

சரிசெய்த நாளை ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே குறித்து, பொறியாளரின் கையொப்பத்துடன் இப்பட்டியலைத் திருப்பித் தரவும். கீசர், குழாய்ப் பொருத்துகள், மின்கருவிகள் ஆகியவற்றின் உத்தரவாத அட்டைகள் இதுவரை எங்களிடம் தரப்படவில்லை. அவற்றையும் மறு ஆய்வு நாளன்று கொண்டுவர வேண்டும்.