அரையா, அறையா? காரைக்குடிக்குத் தமிழ் படிக்க வந்தவர்களுக்கான பாடக்குறிப்பு

இந்த இரண்டையும் காதால் பிரிக்க முயலாதீர்கள். செட்டிநாட்டுப் பேச்சில் ‘அரை’யும் ‘அறை’யும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். குமரிப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் ர, ற வேறுபாடு கேட்கும். இங்கே எழுத்தில்தான் பார்க்க முடியும்.

அரை என்றால் பாதி. இடுப்பு (அரைஞாண் கயிறு). அம்மியிலோ ஆட்டுக்கல்லிலோ மசிப்பது. அறை என்றால் வீட்டுக்குள் சுவர் வைத்துப் பிரித்த இடம். கன்னத்தில் விழும் அடி. ஆணியை அடித்து இறக்குவது.

அதிகம் பிழையாவது சமையல் குறிப்பில்தான். ‘மிளகு, சோம்பு அறைத்து’ என்று எழுதிவிடுகிறார்கள். மசிப்பது என்ற பொருளில் அப்படியொரு வினைவடிவமே தமிழில் கிடையாது. சந்தேகம் வந்தால் சொல்லை இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள்.

மசாலாவை அரைத்தாள், பேச்சில் ‘அரைச்சா’.
கன்னத்தில் அறைந்தாள், பேச்சில் ‘அறைஞ்சா’.

த்த, ச்ச வந்தால் ‘ர’. ந்த, ஞ்ச வந்தால் ‘ற’. நிகழ்காலத்திலும் இப்படிப் பிரிக்கலாம். க்கி வந்தால் ‘ர’, கி மட்டும் வந்தால் ‘ற’: அரைக்கிறாள், அறைகிறாள். ஏவலில் மட்டும் இரண்டும் ஒரே ஒலி என்பதால், ‘அரை’ என்று ஆச்சி சொன்னால் முன்னால் அம்மி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

பெயர்ச்சொல்லுக்குக் காலம் காட்டும் வசதி இல்லை. இடம் பார்க்க வேண்டும். சமையலறை, பூசையறை, கருவறை என்று ‘அறை’ பெரும்பாலும் சொல்லின் கடைசியில் நிற்கும். அரைப்படி, அரைமணி என்று ‘அரை’ முன்னால் வரும். எண்ணோடு சேர்ந்தால் மட்டும் பின்னால் போகும்: ஒன்றரை உழக்கு, ஆறரை மணி. முன்னால் எண் இருந்து, சொல் அளவைக் குறித்தால் ‘ர’தான்.

இந்த விதிக்கு அடங்காத இடம் வீட்டு வருணனை. ‘அரைச்சுவர்’ பாதி உயரத்தில் நிற்பது. ‘அறைச்சுவர்’ அறையின் சுவர். இரண்டுமே சரியான சொற்கள், பொருள்தான் வேறு. இங்கே பொருளை நினைத்துத்தான் எழுத வேண்டும்.

பேச்சில் ‘அறை’ என்ற பெயர் அரிதாகத்தான் காதில் விழும். பலர் ‘ரூம்’ என்பார்கள். நகரத்தார் வீடுகளில் உள்முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறையையே ‘வீடு’ என்பதும் உண்டு. ‘இரட்டை வீடு’ என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரண்டு அறைகள். எனவே சமையற்கட்டில் கேட்டதை எழுதும்போது ‘ர’ போட்டால் பெரும்பாலும் தப்பாது.

பயிற்சி: கோடிட்ட இடங்களில் ர அல்லது ற இடுக.

1. ஊறிய பச்சரிசியையும் உளுந்தையும் நைசாக அ_ைத்து, பணியார மாவை மூடி வை.
2. நிலைக்கதவில் ஆணி அ_ைந்தார்கள்.
3. இரண்ட_ை மணிக்குச் சமையல_ையைப் பூட்டு.

விடை: 1. ர. 2. ற. 3. முதலில் ர, அடுத்து ற.