ரத்தான சுற்றுலா: முழுப் பணமும் இழப்பீடும் கோரி

நாள்: 26.05.2025

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
பொருள்: முன்பதிவு எண் 40718, மே 14 முதல் 19 வரையிலான ஆறு நாள் குடும்பச் சுற்றுலா, நான்கு பேர்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மே 12ஆம் தேதி இரவு 7.40 மணிக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "தவிர்க்க முடியாத நிர்வாகக் காரணங்களால் தங்கள் பயணம் ரத்து செய்யப்படுகிறது" என்ற அந்த ஒரே வரியைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. 14ஆம் தேதி காலை 9.40க்கு நாங்கள் உங்கள் பேருந்தில் ஏறியிருக்க வேண்டும். சரியாக 38 மணி நேரம்தான் மிச்சம் இருந்தது.

கட்டிய பணம் முழுவதையும், இந்த ரத்தால் எங்களுக்கு ஏற்பட்ட இழப்பையும் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்கிறேன். என் கோரிக்கைக்கு அந்தத் தேதிகள்தான் அடிப்படை.

பிப்ரவரி 3ஆம் தேதி மொத்தக் கட்டணத்தில் 30 சதவீதத்தை வங்கி வழியாக முன்பணமாகச் செலுத்தினேன். ஏப்ரல் 28 அன்று உங்கள் ஊழியர் இரண்டு முறை அழைத்து, "மீதியை இன்றைக்கே கட்டினால்தான் அறை உறுதியாகும்" என்றார். அன்று மாலையே 70 சதவீதத்தையும் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டேன். மறுநாள் உங்களிடமிருந்து உறுதிக் கடிதம் வந்தது. "பயணம் உறுதி செய்யப்பட்டது, புறப்படும் இடத்துக்கான டிக்கெட்டுகளை எடுத்துக்கொள்ளலாம்" என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் 30ஆம் தேதி நான்கு பேருக்கும் போக வர விமான டிக்கெட் எடுத்தேன்.

ரத்துச் செய்தி வந்ததும் உங்கள் அலுவலகத்தை அழைத்தேன். ஐந்தாவது முயற்சியில்தான் ஒருவர் எடுத்தார். என்ன நிர்வாகக் காரணம் என்று கேட்டதற்கு, "இருபது பேர் சேர வேண்டிய குழுவில் பதினொரு பேர்தான் சேர்ந்தார்கள் மேடம்" என்றார். உண்மையைச் சொன்ன அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் உங்கள் நிபந்தனைகளின் 7ஆம் பிரிவில், போதிய ஆட்கள் சேராவிட்டால் புறப்படும் நாளுக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே தெரிவிப்போம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் கடைசி நாள் ஏப்ரல் 29. அதே நாளில்தான் பயணம் உறுதி என்று எனக்குக் கடிதம் அனுப்பினீர்கள்.

அப்புறம், மே 13 காலையில் நாங்கள் தங்கவிருந்த ஹோட்டலுக்கு நானே போன் செய்தேன். நாங்களாகவே போய்த் தங்க முடியுமா என்று கேட்கத்தான் அழைத்தேன். உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருந்த அறைகள் மே 2ஆம் தேதியே விடுவிக்கப்பட்டு, வேறு ஆட்களுக்குப் போய்விட்டன என்று வரவேற்பில் இருந்தவர் சொன்னார். அந்த அழைப்பின் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். அறைகளை மே 2ஆம் தேதி விட்டுக்கொடுத்த உங்களுக்கு, இந்தப் பயணம் நடக்காது என்று அன்றே தெரியும். பத்து நாட்கள் ஏன் எங்களிடம் சொல்லவில்லை? மே 3ஆம் தேதி சொல்லியிருந்தால் விமான டிக்கெட்டைக் கொஞ்சம் பிடித்தம் போக ரத்து செய்திருக்கலாம், வேறு நிறுவனத்தில் இடம் தேடியிருக்கலாம், என் கணவர் விடுப்பை மாற்றியிருக்கலாம். எங்களுக்கு ஏற்பட்ட இழப்பில் பெரும்பகுதி நீங்கள் ரத்து செய்ததால் வந்ததுகூட இல்லை, சொல்லாமல் இருந்ததால் வந்தது.

எங்கள் விமானம் 13ஆம் தேதி மாலை. உங்கள் செய்தி வந்தபோது அதற்கு 24 மணி நேரம்கூட இல்லை. சலுகைக் கட்டண டிக்கெட் என்பதால் வரியை மட்டும் திருப்பித் தந்தார்கள், மற்றதெல்லாம் போயிற்று.

மே 15ஆம் தேதி நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில், 15 சதவீதம் 'செயலாக்கக் கட்டணம்' கழித்து மீதிக்கு ஓராண்டு செல்லும் கிரெடிட் வவுச்சர் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை. அந்தக் கட்டணத்துக்கு ஆதாரமாக நீங்கள் காட்டும் 9ஆம் பிரிவு, "பயணி தாமாகவே ரத்து செய்யும் பட்சத்தில்" என்றுதான் தொடங்குகிறது. ரத்து செய்தது நான் அல்ல. புயல், நிலச்சரிவு, அரசுத் தடை என்று யார் கையிலும் இல்லாத காரணமும் இங்கே கிடையாது. ஆள் சேராதது உங்கள் வியாபாரத்தின் கணக்கு, அதன் நஷ்டத்தைப் பயணி சுமக்க முடியாது. நான் கொடுத்தது பணம், எனக்குத் திரும்பி வர வேண்டியதும் பணம்தான்.

பணத்தில் அடங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு 71 வயது. அப்பா போன பிறகு நான்கு ஆண்டுகளாக அவர் வீட்டை விட்டு எங்கும் வந்ததில்லை. இந்தப் பயணத்துக்குத்தான் முதல்முறையாகச் சரி என்றார். முழங்கால் வலியோடு இரண்டு மாதம் தினமும் காலையில் மாடியிலேயே நடந்து பழகினார். மாத்திரைகளை ஆறு சிறிய கவர்களில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதிப் பையில் வைத்திருந்தார். செய்தியைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் அந்தக் கவர்களை எடுத்து, மாத்திரைகளைத் திரும்ப டப்பாவில் கொட்டினார். அடுத்த விடுமுறைக்குப் போகலாம் என்று இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டேன், வேண்டாம் என்கிறார்.

ஆகவே, செலுத்திய கட்டணம் எந்தப் பிடித்தமும் இல்லாமல் முழுவதுமாகத் திரும்ப வர வேண்டும். முன்பணத்தை அது வந்த வங்கிக் கணக்குக்கும், மீதியை அதே கார்டுக்கும் அனுப்புங்கள். விமான டிக்கெட்டில் வரி போக நாங்கள் இழந்த தொகையையும் தர வேண்டும், அது எவ்வளவு என்பது இணைத்துள்ள ரசீதிலேயே இருக்கிறது. என் கணவரின் ஆறு நாள் விடுப்பு வீணானதற்கும், எங்கள் நால்வருக்கும் ஏற்பட்ட மன உளைச்சலுக்கும் சேர்த்து, சுற்றுலாக் கட்டணத்தில் 20 சதவீதத்தை இழப்பீடாகக் கேட்கிறேன். பத்து நாள் மறைத்ததை வைத்துப் பார்த்தால் இது அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஜூன் 10ஆம் தேதிக்குள் இந்தத் தொகைகள் வந்து சேர வேண்டும். வராவிட்டால், கார்டில் கட்டிய தொகைக்கு, பெறாத சேவை என்ற அடிப்படையில் என் வங்கியில் சார்ஜ்பேக் கோருவேன். மீதிக்கும் இழப்பீட்டுக்கும் நுகர்வோர் நீதிமன்றத்தில் வட்டியோடும் வழக்குச் செலவோடும் முறையிடுவேன். அந்த அளவுக்குப் போகாமல் முடிந்தால் எனக்கும் நிம்மதிதான்.

உங்கள் பதில் எழுத்தில் வேண்டும், தொலைபேசியில் பேசி முடிக்க விரும்பவில்லை. ரத்து முடிவு எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதையும் அந்தப் பதிலில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கலைச்செல்வி
(முன்பதிவு எண் 40718)

இணைப்பு: கட்டண ரசீதுகள் இரண்டு, ஏப்ரல் 29 உறுதிக் கடிதம், மே 12 குறுஞ்செய்தியின் படம், விமான டிக்கெட்டும் ரத்து ரசீதும், மே 15 மின்னஞ்சலின் நகல், உங்கள் நிபந்தனைகளில் 7, 9ஆம் பிரிவுகள் உள்ள பக்கங்கள்