உப்பளத் தொழிலாளர்கள் கவனத்துக்கு: வெயில் தாக்கினால் என்ன செய்வது?

கத்திரி தொடங்கிவிட்டது. மேலே வெயில், கீழே பாத்தியிலிருந்து அடிக்கும் கூச்சம், கூடவே கடல் காற்றின் புழுக்கம். இதில் வியர்வை கொட்டும், ஆனால் காயாது. அதனால் உடம்பின் சூடும் குறையாது. இன்று முதல் காலை 4 மணிக்கு வேலை தொடங்கி 11 மணிக்கு முடியும்.

முதலில் தெரிபவை

தலைவலி, கிறுகிறுப்பு, ஓங்கரிப்பு, அளவுக்கு மீறிய வியர்வை, கெண்டைக்காலில் குரக்களி, படபடப்பு. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் உடம்பில் தண்ணீர் மிகவும் குறைந்துவிட்டது, அன்றே மருத்துவரைப் பாருங்கள். நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலும் கவனியுங்கள். 'இந்த நடையை முடிச்சிட்டு உட்கார்றேன்' என்று பெட்டியைத் தூக்க விடாதீர்கள். உட்கார்ந்ததற்காகக் கூலி பிடிக்கப்படாது.

உடனே செய்ய வேண்டியது

பம்பு செட் கொட்டகை நிழலுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். தலைத்துணி, கையுறை, பூட்ஸைக் கழற்றி, உடையைத் தளர்த்துங்கள். நல்ல தண்ணீரில் நனைத்த துணியைக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைத்து விசிறுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கையில் உப்பு இருக்கிறதே என்று பாத்தி உப்பை அள்ளிக் கலக்க வேண்டாம், வாந்திதான் வரும். டீ, மது, காய்ச்சல் மாத்திரை எதுவும் கூடாது. ஆளைத் தனியாக விடாதீர்கள். தேறிவிட்டாலும் அன்று மறுபடி வேலைக்கு இறங்கக் கூடாது.

எப்போது ஆஸ்பத்திரி?

அரை மணி நேரத்தில் தெளியவில்லை, வாந்தி நிற்கவில்லை, தண்ணீர் உள்ளே இறங்கவில்லை என்றால் தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.

பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, வலிப்பு, நினைவு தப்புவது, உடம்பு நெருப்பாய்க் கொதிப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் அரை மணி காத்திருக்கக் கூடாது. இது உயிருக்கு ஆபத்து. வியர்வை வருகிறதே என்று ஏமாற வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வரப்பில் ஆம்புலன்ஸ் வராது. அதனால் ஒருவர் ரோட்டு வாசலில் நின்று வழிகாட்ட வேண்டும், மற்றவர்கள் கொட்டகைக் கட்டிலோடு ஆளை அங்கே கொண்டுவர வேண்டும்.

தண்ணீர்

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் குடியுங்கள். ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. கொட்டகைக்குப் பின்னால் இப்போது கழிப்பறை கட்டியாயிற்று, சாவி கிடையாது, எந்நேரமும் திறந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு முதல் வாரம் சுமை வேலை கொடுக்கப்படாது. பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் கொட்டகைப் பெட்டியில் இருக்கின்றன. தீர்ந்தால் அன்றே சொல்லுங்கள்.

அளம் நிர்வாகம்
தூத்துக்குடி, மே 5