பொருள்: பள்ளி இணையதளத்தில் பல லிங்க்குகள் எரர் பக்கத்துக்குப் போகின்றன, அட்மிஷன் படிவம் அவசரம்

வணக்கம் சார்,

நம் பள்ளி இணையதளத்தைப் புது சர்வருக்கு மாற்றி இன்றோடு 16 நாள் ஆகிறது. முகப்புப் பக்கம் முன்பைவிட வேகமாகத் திறக்கிறது, போட்டோக்களும் போனில் நன்றாகத் தெரிகின்றன. அதற்கு நன்றி. ஆனால் உள்ளே போனால் பல லிங்க்குகள் திறக்கவில்லை. நேற்று வகுப்பு முடிந்ததும் லேபில் உட்கார்ந்து மெனுவில் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். லேப் கம்ப்யூட்டரில் ஃபயர்பாக்ஸ், என் போனில் குரோம். போனில் பள்ளி வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவிலும் பார்த்தேன், பிரைவேட் விண்டோவிலும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே எரர்தான் வருகிறது, அதனால் இது கேஷ் பிரச்சினை இல்லை. உங்கள் ஆபீசில் சரியாகத் திறந்தால், அங்குள்ள கம்ப்யூட்டர் இன்னும் பழைய சர்வருக்குத்தான் போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் அட்மிஷன் படிவம். படிவம் இருக்கும் பக்கம் திறக்கிறது, பெயர், வகுப்பு, போன் நம்பர் எல்லாம் நிரப்ப முடிகிறது. கடைசியில் Submit அழுத்தினால் இந்த முகவரிக்குப் போய் நிற்கிறது:

```
/admission-enquiry.php
404 Not Found
The requested URL was not found on this server.
```

இது எங்களுக்குத் தெரிய வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை கவுந்தப்பாடியிலிருந்து ஒரு பெரியவர் பஸ் ஏறி ஆபீசுக்கு வந்தார். எல்.கே.ஜி.க்குப் பேத்தியின் விவரத்தை முந்தின நாள் ராத்திரி அவருடைய மகன் போனில் நிரப்பி அனுப்பியிருக்கிறார். வந்த பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பெரியவர் கவுன்டரில் போனை நீட்டி, "ஏனுங்க, எம்பேத்தி பேரு இல்லீன்னு வந்துருச்சுங்க, இனி சீட்டுக் கெடைக்காதுங்களா?" என்று கேட்டார். Not Found என்பதை அந்தக் குடும்பம் அப்படித்தான் படித்திருக்கிறது. அவர்கள் மேல் தப்பே இல்லை. படிவத்தை நிரப்பிய கையோடு அந்த இரண்டு வார்த்தைகள் வந்தால் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். அவரை உட்கார வைத்து, காகிதப் படிவம் கொடுத்து, இன்னும் தேர்வே ஆரம்பிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினோம். அவர் நேரில் வந்தார், அதனால் சொல்ல முடிந்தது. பக்கத்தைப் பார்த்துவிட்டு வேறு பள்ளிக்குப் போனவர்களிடம் யார் சொல்வது?

அதனால் படிவத்தைச் சரிசெய்வதோடு இன்னொரு உதவியும் வேண்டும். சர்வரின் அக்சஸ் லாகில் அந்த முகவரிக்கு வந்த POST கோரிக்கைகளை மட்டும் தேடி, எந்தத் தேதியில் எத்தனை வந்தன என்று எடுத்துக் கொடுங்கள். உள்ளே எழுதிய பெயரும் நம்பரும் லாகில் இருக்காது என்று தெரியும், அவற்றைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆனால் எத்தனை பேர் அனுப்பி ஏமாந்தார்கள் என்பது தெரிந்தால், பிரின்சிபல் மேடம் முகப்பில் ஓர் அறிவிப்பு போடச் சொல்லியிருக்கிறார்கள்: இந்தத் தேதிக்குள் அனுப்பியவர்கள் தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள், உங்கள் வாய்ப்பு எங்கும் போய்விடவில்லை என்று. லாக் பழையதாகி அழிந்துபோவதற்குள் எடுத்துவிடுங்கள் சார்.

படிவம் சரியாகும்வரை அந்தப் பக்கத்தையே மறைத்துவிட்டு ஆபீஸ் போன் நம்பரை மட்டும் போட்டாலும் போதும். அதை இன்றே செய்ய முடியும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஃபீஸ் கட்டும் பட்டன். கம்ப்யூட்டரில் மேல் மெனுவில் உள்ளது சரியாகப் போகிறது. போனில் மூன்று கோடு மெனுவைத் திறந்து அழுத்தினால், வேலை நடந்துகொண்டிருந்தபோது நீங்கள் எங்களுக்குக் காட்டிய சோதனைத் தளத்தின் முகவரிக்குப் போகிறது. அங்கே "Your connection is not private" என்று சிவப்பு எச்சரிக்கை வருகிறது. போன் மெனு தனியாக இருக்கிறது போல, அதில் முகவரியை மாற்ற விட்டுப்போயிருக்கும். பணம் கட்டும் இடம் என்பதால் பெற்றோர் பயந்து வகுப்பு ஆசிரியர்களைக் கூப்பிடுகிறார்கள். சோதனைத் தள முகவரி வேறு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டேட்டாபேஸ் முழுக்கத் தேடிவிடுவது நல்லது.

மூன்றாவது, கட்டாயப் பொதுத் தகவல் பக்கம். சிபிஎஸ்இ பள்ளிகள் எல்லாமே அங்கீகாரக் கடிதம், டிரஸ்ட் பதிவு, கட்டடப் பாதுகாப்பு, தீயணைப்புச் சான்று, குடிநீர் சுகாதாரச் சான்று, ஃபீஸ் விவரம், கல்வி நாட்காட்டி, மூன்று வருடத் தேர்வு முடிவுகள் என்று எல்லாவற்றையும் தளத்தில் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். போர்டிலிருந்து யார் எந்த நேரத்தில் திறந்து பார்த்தாலும் அது இருக்க வேண்டும். பக்கம் திறக்கிறது, அட்டவணையும் இருக்கிறது, ஆனால் உள்ளே இவை திறக்கவில்லை:

```
/docs/Fee_Structure.PDF      404
/docs/Academic_Calendar.PDF  404
/docs/fire-safety.pdf        403 Forbidden
/docs/building-safety.pdf    403 Forbidden
```

முதல் இரண்டுக்கும் காரணம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முகவரிப் பட்டையில் `/docs/fee_structure.pdf` என்று எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடித்துப் பார்த்தேன், உடனே திறந்தது. பழைய சர்வர் விண்டோஸ், புதியது லினக்ஸ் என்று நீங்களே சொன்னீர்கள். விண்டோஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான், லினக்ஸில் வேறு வேறு. அப்படியென்றால் இந்த இரண்டோடு முடியாது. சர்க்குலர் பகுதியில் ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய கோப்புகள் பலவற்றுக்கு .PDF என்றுதான் பெயர். ஆபீசில் உள்ள ஸ்கேனர் அப்படித்தான் சேமிக்கும். 20 சர்க்குலரைத் திறந்து பார்த்ததில் 7 வரவில்லை. ஒவ்வொன்றாகத் திருத்தாமல் மொத்தமாக ஒரே முறையில் கோப்புப் பெயர்களையும் லிங்க்குகளையும் சின்ன எழுத்துக்கு மாற்றிவிட்டால் இனி வராது. நாங்களும் இனிமேல் சின்ன எழுத்திலேயே பெயர் வைத்து அனுப்புகிறோம்.

403 வரும் இரண்டும் கோப்பு இருக்கிறது, படிக்க அனுமதி இல்லை என்றுதான் சொல்கிறது. பர்மிஷன் 644 ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே பக்கத்தில் தேர்வு முடிவுகள் கூகுள் டிரைவில் இருக்கின்றன. அழுத்தினால் "You need access" என்று வருகிறது. அது எங்கள் கணக்கில் உள்ள கோப்பு இல்லை. உங்கள் அலுவலகத்தில் முன்பு எங்கள் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் கணக்கில் இருக்கலாம். அனுமதி திறந்துவிட்டால் போதும் என்று விட்டுவிட வேண்டாம். தனி ஒருவர் கணக்கில் பள்ளியின் ஆவணம் இருப்பது சரியில்லை. பிடிஎஃப் ஆக நம் சர்வரிலேயே வைத்துவிடுங்கள், மூன்று வருட முடிவுகளையும் இந்த மெயிலோடு மறுபடி இணைத்திருக்கிறேன்.

ஆண்டு மலரும் வரவில்லை. அந்தக் கோப்புக்குத் தமிழிலேயே `ஆண்டுமலர்.pdf` என்று பெயர் வைத்திருந்தோம், மாற்றும்போது பெயர் சிதைந்திருக்கும். `annual-magazine.pdf` என்று மாற்றினால் போதும். மாணவர்கள் எழுதிய கவிதைகள் அதில்தான் இருக்கின்றன, வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டிகள் தேடுவது அதைத்தான்.

பஸ் வழித்தடம் விஷயம் கொஞ்சம் வேறு. மெனுவில் இருந்து போனால் புதுப் பக்கம் நன்றாகத் திறக்கிறது. ஆனால் பள்ளி டைரியின் பின் அட்டையில் ஒரு க்யூஆர் கோடு அச்சடித்திருக்கிறோம், அது பழைய முகவரிக்குப் போகிறது. 1,400 டைரி பிள்ளைகள் பையில் இருக்கிறது, அதை இனி மாற்ற முடியாது. பவானி, சித்தோடு பக்கம் பஸ் நேரம் மாறிய வாரத்தில் அதை ஸ்கேன் செய்தவர்களுக்கெல்லாம் 404தான் வந்திருக்கிறது. இந்த ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்:

```
Redirect 301 /bus-routes.php /transport/
```

ஒரு வேண்டுகோள்: வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, இல்லாத பக்கங்களை எல்லாம் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். தீயணைப்புச் சான்று கேட்டவருக்கு முகப்புப் பக்கம் வந்தால் அவருக்கும் புரியாது, எது உடைந்திருக்கிறது என்று எங்களுக்கும் தெரியாமல் போய்விடும். பழைய பக்கத்துக்குச் சரியான புதுப் பக்கம் இருந்தால் மட்டும் அங்கே திருப்புங்கள். மற்றதற்கு எரர் பக்கமே வரட்டும், ஆனால் அது தமிழிலும் பேசட்டும்:

```
ErrorDocument 404 /404.html
```

அதில் போட வேண்டிய வாசகம் இது: "நீங்கள் தேடிய பக்கம் இங்கே இல்லை. இது இணையதளத்தில் உள்ள கோளாறு. உங்கள் விண்ணப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பள்ளி அலுவலகத்தைக் கூப்பிடுங்கள்." கீழே முகப்பில் உள்ள அதே அலுவலக நம்பர், பெரிய எழுத்தில், தொட்டால் கால் போகும்படி. இங்கே http உடன் முழு முகவரி கொடுத்தால் 404 என்ற நிலை போய் ரீடைரக்ட் ஆகிவிடும், அதனால் மேலே உள்ளபடி பாதை மட்டும் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்த பிறகு லிங்க் செக்கர் ஒன்றை முழுத் தளத்துக்கும் ஓட்டி அதன் ரிப்போர்ட்டை அனுப்புங்கள். நான் கையால் பார்த்ததில் விட்டுப்போனது நிச்சயம் இருக்கும். அப்புறம், கூகுள் சர்ச் கன்சோலில் பள்ளி மெயில் ஐடிக்கும் அனுமதி கொடுங்கள். இனி எந்தப் பக்கம் 404 ஆகிறது என்று மாதம் ஒருமுறை நானே பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இது எல்லாமே சர்வர் மாற்றத்தில் வந்தது, நம் ஏஎம்சிக்குள் வரும் வேலை என்பதால் தனிக் கட்டணம் இருக்காது என்றே எடுத்துக்கொள்கிறோம். வேறு மாதிரி என்றால் வேலை ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

அட்மிஷன் படிவமும் ஃபீஸ் பட்டனும் நாளை மாலைக்குள் வேண்டும். கட்டாயத் தகவல் பக்கம் வெள்ளிக்கிழமைக்குள். சர்க்குலர், ஆண்டு மலர் எல்லாம் அடுத்த வாரம் முடிந்தாலும் பரவாயில்லை. 11 ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் முகவரியும் நேரமும் தெரியும். உங்கள் டெவலப்பருக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் மதியம் 3.30க்கு மேல் லேப் நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், 5 மணி வரை இருப்பேன். படிவம் தயாரானதும் ஒரு மெசேஜ் போடுங்கள், கவுந்தப்பாடிப் பெரியவரின் மகனையே முதலில் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன்.

நன்றியுடன்,
கலைச்செல்வி
கணினி ஆசிரியை, இணையதளப் பொறுப்பு

நகல்: பிரின்சிபல் மேடம், பள்ளி அலுவலகம்