தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை: லீவு பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன்

வணக்கம் சார்,

2026 பிப்ரவரி 1, ஞாயிறு தைப்பூசம். எங்கள் ஊர்க்காரர்களோடு காவடி எடுத்துத் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறேன். அம்மாவுக்கு உடம்பு தேறினால் நடந்து வருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டது, தேறிவிட்டார்கள், அதனால் இதைத் தள்ளிப்போட எனக்கு மனசு வராது. ஜனவரி 29 வியாழன் முதல் பிப்ரவரி 2 திங்கள் வரை லீவு வேண்டும், செவ்வாய் காலை சீட்டில் இருப்பேன்.

இப்போது அக்டோபர்தான், ஆனாலும் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற தையல்காரர்கள் திரும்பி வந்து லைன் பழையபடி ஓடவே நாளாகும், அந்த நேரத்தில் நானும் இல்லையென்றால் சிரமம் என்பதால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டருக்கு பிபி சாம்பிள் அப்ரூவல், பட்டன், லேபிள், பாலிபேக் எல்லாம் பொங்கலுக்கு முன்பே முடித்துவிடுவேன். பக்கத்து சீட் அக்கா பையர் மெயிலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார், அவர் மாசியில் குலதெய்வப் பொங்கலுக்குப் போகும்போது அவர் வேலையை நான் பார்க்கிறேன். டையிங் யூனிட்டில் ஷேடு பார்ப்பதுதான் கொஞ்சம் கவலை. அதற்கு ஜூனியர் தம்பியை டிசம்பரிலிருந்தே கூட்டிப்போய், லைட் பாக்ஸில் வைத்து அப்ரூவ் ஆன துணியோடு ஒப்பிட்டுப் பழக்கிவிடுகிறேன்.

நடக்கும்போது போன் எடுக்க முடியாது. இரவு தங்கும் இடத்தில் ஒருமுறை வாட்ஸ்அப் பார்ப்பேன். அந்த வாரம் ஷிப்மென்ட் ஏதாவது வைக்கிற மாதிரி இருந்தால் இப்போதே சொல்லுங்க சார், அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.