கர்நாடக இசை, தொடக்கநிலை எழுத்துத் தேர்வு

நேரம்: 45 நிமிடங்கள். மொத்த மதிப்பெண்கள்: 25.

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரங்கள் ஆகியவற்றை முடித்த மாணவர்களுக்கான இத்தேர்வில், எல்லா வினாக்களுக்கும் விடை எழுத வேண்டும். தாள வினாக்களுக்குக் கையால் மெல்லத் தாளம் போட்டுப் பார்த்தே எழுதலாம். அது நல்ல பழக்கம்.

1. ஆதி தாளத்தின் அங்கங்களைக் குறியீடுகளுடன் எழுதி, லகுவில் தட்டும் விரல் எண்ணிக்கையும் அமையும் முறையை விளக்குக. லகு திஸ்ர ஜாதியாக மாறினால் ஓர் ஆவர்த்தனத்திற்கு எத்தனை அட்சரங்கள் வரும்? (6)

2. மாயாமாளவகௌளையின் ஆரோகணத்தையும் அவரோகணத்தையும் ஸ்வரங்களின் முழுப்பெயருடன் எழுதுக. சங்கராபரணத்திலிருந்து அது வேறுபடும் இரு ஸ்வரங்களைக் குறிப்பிட்டு, மோகனம் ஏன் ஔடவ ராகம் எனப்படுகிறது என்பதையும் காரணத்துடன் கூறுக. (7)

3. கீழ்க்காணும் வரிசைகளில் குறிலுக்கு ஓர் அட்சரம், நெடிலுக்கு இரண்டு, காற்புள்ளிக்கு ஒன்று, அரைப்புள்ளிக்கு இரண்டு எனக் கொள்க.

அ) ஸ ரி கா ம , ப த
இதனை ஆதி தாளத்திற்கு அங்கம் பிரித்து, ஆவர்த்தன முடிவையும் குறித்துக் காட்டுக. (4)

ஆ) ஸ ரி | க, ||
சதுஸ்ர ஜாதி ரூபக தாளத்தில் எழுதப்பட்ட இவ்வரிசையில் எந்த அங்கம் குறைபடுகிறது? ஒரே ஒரு மாற்றத்தால் அதனைச் சரிசெய்து, ஒவ்வொரு ஸ்வரத்தின் அட்சர அளவையும் கீழே எழுதுக. வேறு விதமாகவும் சரிசெய்யலாம் எனில் அதனையும் காட்டுக. (6)

4. மந்தர, தார ஸ்தாயி ஸ்வரங்களைக் குறிக்கப் புள்ளி எங்கே இடப்படும்? (2)