வேப்பமரத்தடி டெய்லர் கடை, கொசப்பேட்டை, வேலூர்: 30 வினாடி ரேடியோ விளம்பரம்

மாஸ்டர், வணக்கம்.

நீங்கள் சொன்ன அத்தனையையும் எழுதிப் படித்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம் 40 வினாடி வந்தது. நம்மிடம் இருப்பதோ 30 வினாடி. பேன்ட், சட்டை, சுடிதார், லைனிங் பிளவுஸ், ஃபால்ஸ், பிகோ, யூனிஃபார்ம், ஆல்டர் என்று பட்டியல் படித்தாலே பாதி நேரம் போய்விடும், கேட்கிறவர் மனதிலும் ஒன்றும் நிற்காது. அதனால் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன்: சொன்ன நாளில் துணியைக் கொடுப்பது.

போன சனிக்கிழமை உங்கள் கடை பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். துணி வாங்க வந்த ஏழு பேரில் ஒருவரைக்கூட நீங்கள் "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பவில்லை. அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று உங்களுக்கே தெரியவில்லை. என் கல்யாணச் சட்டை கல்யாணத்துக்கு மறுநாள்தான் கைக்கு வந்தது. எந்தக் கடை என்று கேட்காதீர்கள்.

கீழே இருப்பது முடிவான ஸ்கிரிப்ட்.

முதல் விளம்பரம் (வருஷம் முழுக்க)

[பெடல் மெஷின் ஓடுகிறது. 3 வினாடி. சட்டென்று நிற்கிறது.]

ஆயா: இன்னா மாஸ்டர், பேத்தியோட பாவாட சட்ட ஆயிடுச்சா? கிருத்திகைக்கு ரத்தினகிரி போவணும்.

மாஸ்டர்: ஆயிடுச்சும்மா. ஏன், சந்தேகமா?

ஆயா: போன கடைல பத்து நாள் நடந்தேன். பத்து நாளும் "நாளைக்கு வாங்க"தான்!

[கத்தரி நூலை வெட்டும் சத்தம். ஒரே ஒரு "டிக்".]

மாஸ்டர்: இந்தாங்க.

[கொலுசுச் சத்தம். குழந்தை ஒரு சுற்று சுற்றுகிறாள்.]

பேத்தி: ஆயா... கரீட்டா கீது!

அறிவிப்பாளர்: கொசப்பேட்டை, பிள்ளையார் கோயில் தெரு, வேப்பமரத்தடி டெய்லர் கடை. தேதி சீட்டுல இருக்கும். அந்தத் தேதில துணி உங்க கைல இருக்கும்.

மாஸ்டர்: "நாளைக்கு வாங்க" இல்ல... போட்டுப் பாருங்க!

[மெஷின் மறுபடி ஓடத் தொடங்குகிறது. 1 வினாடி.]

ஸ்டாப் வாட்ச் வைத்து மூன்று முறை படித்தேன், 29 வினாடிக்குள் அடங்குகிறது. இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் ஆயா வேகமாகப் பேச வேண்டி வரும். வேகமாகப் பேசும் ஆயாவை யாரும் நம்ப மாட்டார்கள்.

கிருத்திகை மாதாமாதம் வருவதால் இதை எந்த மாதமும் போடலாம். ஆடியில் கேட்டால் ஆடிக் கிருத்திகை என்று கேட்கிறவரே நினைத்துக்கொள்வார்.

ஃபோன் நம்பர் எங்கே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். பத்து எண்ணைச் சொல்ல ஐந்து வினாடி ஆகும். காட்பாடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவரோ, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவரோ பேனா எடுத்து எழுதப் போவதில்லை. தெருவும் வேப்பமரமும் போதும், வந்துவிடுவார்கள். (மரத்தை மட்டும் யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டினால் விளம்பரத்தையே மாற்ற வேண்டும்.)

ஸ்டுடியோவில் இருப்பவருக்கு: கடைசி வரியை மாஸ்டரே பேசுவார். தொழில்முறைக் குரல் வேண்டாம். "இல்ல"வுக்குப் பிறகு ஒரு மூச்சு இடைவெளி கண்டிப்பாக வேண்டும். "போட்டுப் பாருங்க" என்பதில் சவால் தொனி வரக்கூடாது. சட்டையை நீட்டிக்கொண்டே சொல்கிற மாதிரி, சாதாரணமாக. ஆயாவின் "இன்னா"வையும் பேத்தியின் "கீது"வையும் காமெடி ஆக்கிவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் வீட்டில் பேசுவதே அப்படித்தான். பின்னணி இசை எதுவும் கிடையாது, மெஷின் சத்தம்தான் இசை.

இரண்டாவது விளம்பரம் (தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்து)

[கடைக்குள் கூட்டம். இரண்டு மெஷின் ஒன்றாக ஓடுகின்றன.]

வாடிக்கையாளர்: மாஸ்டர், ஒரே ஒரு சட்ட. தீபாவளிக்கு.

மாஸ்டர்: இல்லண்ணா. ஆர்டர் முடிஞ்சிடுச்சு.

வாடிக்கையாளர்: காசு வேணா சேத்துத் தரேன்!

மாஸ்டர்: காசு எவ்ளோ வேணா தருவீங்கண்ணா. கை எனக்கு ரெண்டுதானே!

[மெஷின் நிற்கிறது.]

அறிவிப்பாளர்: தீபாவளிக்கு 15 நாள் முன்னாடியே ஆர்டர நிறுத்திடுவோம். ஏன்னா, வாங்கின துணிய சொன்ன தேதில குடுக்கணும். கொசப்பேட்டை, பிள்ளையார் கோயில் தெரு, வேப்பமரத்தடி டெய்லர் கடை. இன்னிக்கே வந்து அளவு குடுங்க.

மாஸ்டர்: "நாளைக்கு வாங்க" இல்ல... போட்டுப் பாருங்க!

இதில் உங்களுக்குத் தயக்கம் இருக்கும். வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்கிற விளம்பரமா என்று. ஆனால் போன தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்குக் காஜா போடாத சட்டையை வாங்கிக்கொண்டு போன ஒவ்வொருவருக்கும் இந்த வரி சுருக்கென்று தைக்கும். 15 நாள் என்று நீங்கள் சொன்ன கணக்கைத்தான் எழுதியிருக்கிறேன். ரேடியோவில் போன பிறகு மச்சானுக்காக ஒரு சட்டை, கவுன்சிலருக்காக ஒரு சட்டை என்று வாங்கினால் அவ்வளவுதான்.

அப்புறம், நீங்கள் ஆசைப்பட்ட அந்தக் கோட்டை வரி. "உடுப்பு சரியில்லேன்னா வேலூர்ல இன்னா நடக்கும்னு 1806லயே வெள்ளைக்காரன் பாத்துட்டான்." நல்ல வரிதான், நானே சிரித்தேன். புதுத் தலைப்பாகை போடச் சொன்னதும், நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்றதும்தான் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது என்பதும் உண்மைதான். ஆனால் ஜூலை 10-ல் கோட்டைக்குள் செத்தவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். மக்கான் பக்கம் நினைவுத்தூணுக்கு இன்றைக்கும் மாலை போடுகிறார்கள். அவர்களை வைத்து நாம் பிளவுஸ் தைத்து விற்க வேண்டாம். எடுத்துவிட்டேன். கோபப்படாதீர்கள்.

ஆயா பாத்திரத்துக்கு ஆள் தேட வேண்டாம், உங்கள் எதிர்வீட்டு ஆயாவே பேசட்டும். சனிக்கிழமை என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் தன் பழைய டெய்லரைத் திட்டினார். அந்தக் குரல் அப்படியே வேண்டும். பேத்திக்கு உங்கள் தங்கை மகள். கொலுசைக் கழற்றாமல் கூட்டி வரச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, தெருவில் வண்டி சத்தம் தொடங்கும் முன், மெஷின் ஓட்டத்தைப் பதிவு பண்ண வருகிறேன். அதுவரை பழைய பெடல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிடாதீர்கள். அந்தக் கிறீச் சத்தம் எனக்கு வேண்டும்.